வடமேற்கு மூலை முறை யூனிட் செலவைத் திரும்பிக்கூடப் பார்க்காதது ஏன்?

கயல்_எம்காம்

எம்.காம் இரண்டாம் ஆண்டில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர் இருக்கிறது. கிடங்குகளில் உள்ள சரக்கை ஊர்களுக்குக் குறைந்த செலவில் அனுப்பும் போக்குவரத்துக் கணக்கில் முதல் திட்டம் போட வடமேற்கு மூலை முறை சொல்லிக் கொடுத்தார்கள். போடத் தெரியும், அதில் சிக்கல் இல்லை.

எனக்குப் புரியாதது வேறு. கேள்வித்தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு லோடு அனுப்ப என்ன செலவு என்று கொடுத்திருக்கிறார்கள். கணக்கின் நோக்கமே மொத்தச் செலவைக் குறைப்பதுதான். ஆனால் இந்த முறையில் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை அந்தச் செலவைத் தொடுவதே இல்லை. ஒரு கணக்கில் எல்லாச் செலவையும் அழித்துவிட்டு மனதுக்கு வந்த எண்களை எழுதிப் பார்த்தேன். அதே திட்டம்தான் வந்தது. வகுப்பில் கேட்டதற்கு "அது அப்படித்தான்மா, அடுத்த முறைக்குப் போவோம்" என்றார்கள். செலவைப் பார்க்காத ஒரு முறையை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?

தேர்வுப்புலி

இதில் குழப்பமே வேண்டாம். இடப்பக்க மேல் மூலையில் தொடங்குங்கள். அந்த வரிசையின் இருப்பு, அந்தப் பத்தியின் தேவை, இரண்டில் எது சிறியதோ அதைப் போடுங்கள். இருப்பு தீர்ந்தால் கீழே, தேவை தீர்ந்தால் வலப்பக்கம். கடைசி மூலைக்கு வந்ததும் நிறுத்துங்கள். இரண்டு நிமிட வேலை, முழு மதிப்பெண்.

கயல்_எம்காம்

அண்ணா, படிகள் தெரியும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். *ஏன்* என்பதுதான் கேள்வி.

தேர்வுப்புலி

ஏன் என்றால், அது மோசமான முறை, அவ்வளவுதான். பாடத்திட்டத்தில் இருப்பதால் இருக்கிறது. குறைந்த செலவுக் கட்டத்தை முதலில் நிரப்பும் முறை எப்போதும் இதைவிட நல்ல விடை தரும். ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் மிகக் குறைந்த இரண்டு செலவுகளின் வித்தியாசத்தைப் பார்த்து நிரப்பும் வோகல் முறை அதைவிடவும் நல்லது. நிஜத்தில் யாரும் வடமேற்கு மூலையைத் தொடமாட்டார்கள்.

சுப்பு_73

ஒரு சந்தேகம். வடமேற்கு என்றால் வரைபடத்தில் வடமேற்கில் இருக்கும் ஊர்தானே? அப்படியானால் எங்கள் கம்பெனிக்கு ஓசூர் டிப்போவிலிருந்து தொடங்க வேண்டுமா? நாங்கள் எப்போதும் தூத்துக்குடியிலிருந்துதான் கணக்கைத் தொடங்குவோம், அதனால் கேட்கிறேன்.

மீனலோசனி

இல்லை சார், அட்டவணையின் மேல் இடது மூலை. ஊர் எங்கே இருந்தாலும் சரி, தாளில் முதல் வரிசையில் எழுதிய கிடங்கும் முதல் பத்தியில் எழுதிய ஊரும் சேரும் கட்டம்.

கயல், நான் வேலைக்காக இதை நிரலாக எழுதியிருக்கிறேன். பார்த்தால் உங்கள் கேள்வி அதிலேயே தெரியும்:

```python
def nwc(s, d):
    s, d = s[:], d[:]
    i = j = 0
    plan = []
    while True:
        q = min(s[i], d[j])
        plan.append((i, j, q))
        s[i] -= q
        d[j] -= q
        if i == len(s)-1 and j == len(d)-1:
            return plan
        if s[i] == 0 and i < len(s)-1:
            i += 1
        else:
            j += 1
```

`s` இருப்பு, `d` தேவை. செலவு அட்டவணையை உள்ளே அனுப்ப இடமே இல்லை. நீங்கள் செலவை மாற்றி எழுதியும் அதே திட்டம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

பெருமாள்_ஓஆர்

முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பாடம் எடுத்தவன், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அம்மா கயல், இந்தக் கணக்கில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்வி: எல்லாக் கிடங்கும் காலியாகி எல்லா ஊருக்கும் கேட்ட அளவு போய்ச் சேருகிற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கிறதா? இதற்குப் பதில் சொல்ல இருப்பும் தேவையும் போதும். லாரி வாடகை ஏறினாலும் இறங்கினாலும், நேற்று சாத்தியமாக இருந்த ஏற்பாடு இன்றும் சாத்தியம்தான். இரண்டாம் கேள்வி: சாத்தியமான ஏற்பாடுகளில் மலிவானது எது? செலவுக்கு வேலை இங்கேதான் வருகிறது.

வடமேற்கு மூலை முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. அதோடு இன்னொரு வேலையும் செய்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று கிடங்கு, மூன்று ஊர் என்றால் அது ஐந்து கட்டங்களில் நிற்கும். m வரிசை, n பத்தி என்றால் m + n − 1. அந்தக் கட்டங்களுக்குள் வளையம் எதுவும் விழாது, ஏனென்றால் அது வலப்பக்கமும் கீழேயும் மட்டும்தான் நகர்கிறது, திரும்பி வருவதே இல்லை. அடுத்து, காலிக் கட்டங்களுக்கு லோடை நகர்த்திச் செலவைப் படிப்படியாகக் குறைக்கும் ஸ்டெப்பிங் ஸ்டோன் முறையைத் தொடங்க இந்த வடிவம் கட்டாயம் வேண்டும். 1951இல் டான்ட்ஸிக் சிம்ப்ளெக்ஸை இந்தக் கணக்குக்குப் பொருத்தினார். 1954இல் சார்ன்ஸும் கூப்பரும் ஸ்டெப்பிங் ஸ்டோனை விளக்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது நல்ல தொடக்கம் அல்ல, *செல்லுபடியாகும்* தொடக்கம். மலிவாக்குவது அடுத்த கட்ட வேலை.

தேர்வுப்புலி

சரி சார், ஆனால் மோசமான இடத்தில் தொடங்கினால் அடுத்த கட்டத்தில்தானே வேலை கூடும்? நான் சொன்னது தப்பில்லையே?

பெருமாள்_ஓஆர்

பொதுவாகக் கூடும். அதுவரை நீங்கள் சொன்னது சரி. "எப்போதும்" என்ற சொல்லைத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. யாராவது நிஜ ஊர்களை வைத்து ஒரு கணக்குக் கொடுங்கள், காட்டுகிறேன்.

நாமக்கல்_லோடு

நான் கொடுக்கிறேன். லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறேன். படிப்பு பிளஸ் டூவோடு நின்றுவிட்டது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை–திருச்சி–மதுரை–நெல்லை ஒரே ரோடு. சென்னையிலிருந்து கிலோமீட்டரைத் தோராயமாகப் பத்துப் பத்தாக வைத்துக்கொள்வோம். செங்கல்பட்டு 60, விழுப்புரம் 160, பெரம்பலூர் 270, திருச்சி 330, மதுரை 460, திருநெல்வேலி 620.

கிடங்கு விழுப்புரத்தில் 20 லோடு, திருச்சியில் 30, மதுரையில் 25. செங்கல்பட்டுக்கு 30 லோடு வேண்டும், பெரம்பலூருக்கு 15, நெல்லைக்கு 30. இரண்டு பக்கமும் 75. லோடும் தேவையும் நானே போட்டவை. செலவைக் கிலோமீட்டராகவே வைத்துக்கொள்ளுங்கள், வாடகை பிறகு பேசலாம்.

மீனலோசனி

அண்ணா, அருமையான கணக்கு. அட்டவணையாக்கிவிட்டேன்:

| | செங்கல்பட்டு (30) | பெரம்பலூர் (15) | நெல்லை (30) |
|---|---|---|---|
| விழுப்புரம் (20) | 100 | 110 | 460 |
| திருச்சி (30) | 270 | 60 | 290 |
| மதுரை (25) | 400 | 190 | 160 |

கயல்_எம்காம்

நான் போட்டுவிட்டேன். ஆனால் மீனா அக்கா அட்டவணை வருவதற்கு முன்பே அகர வரிசையில் எழுதிவிட்டேன். கிடங்குகள் திருச்சி, மதுரை, விழுப்புரம். ஊர்கள் செங்கல்பட்டு, திருநெல்வேலி, பெரம்பலூர்.

திருச்சி → செங்கல்பட்டு 30. மதுரை → நெல்லை 25. விழுப்புரம் → நெல்லை 5. விழுப்புரம் → பெரம்பலூர் 15.

செலவு 8,100 + 4,000 + 2,300 + 1,650 = 16,050 லோடு-கிலோமீட்டர். ஆனால் சார் ஐந்து கட்டம் என்றார், எனக்கு நான்குதான் வந்தது. எங்கே விட்டேன்?

மீனலோசனி

எங்கேயும் விடவில்லை. முதல் கட்டத்திலேயே திருச்சியின் இருப்பும் செங்கல்பட்டின் தேவையும் ஒரே சமயத்தில் தீர்ந்துவிட்டன. இரண்டும் 30. நீங்கள் மூலைவிட்டமாகத் தாவிவிட்டீர்கள், அதனால் ஒரு கட்டம் குறைந்தது. அப்படி வரும்போது கீழே அல்லது வலப்பக்கம் ஒரு கட்டத்தில் 0 போட்டு அதையும் நிரப்பிய கட்டமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பிறகு செலவைக் குறைக்கும்போது சில காலிக் கட்டங்களுக்கு வளையமே கிடைக்காது. வகுப்பில் டிஜெனரசி என்பார்களே, அதுதான். என் நிரல் தானாகக் கீழே போய் மதுரை–செங்கல்பட்டில் 0 போடும். கையால் செய்யும்போது நான் வலப்பக்கம், திருச்சி–நெல்லையில் போடுவேன். இந்தக் கணக்கில் அதுவே வசதி.

பெருமாள்_ஓஆர்

நல்லது. இனி மீனாவின் அட்டவணைப்படி, வடக்கிலிருந்து தெற்காக எழுதியதை யாராவது போடுங்கள்.

கயல்_எம்காம்

விழுப்புரம் → செங்கல்பட்டு 20. திருச்சி → செங்கல்பட்டு 10. திருச்சி → பெரம்பலூர் 15. திருச்சி → நெல்லை 5. மதுரை → நெல்லை 25. ஐந்து கட்டம், சரியாக வந்தது.

செலவு 2,000 + 2,700 + 900 + 1,450 + 4,000 = 11,050.

அதே ஊர், அதே லோடு, அதே தூரம், அதே முறை. எழுதிய வரிசை மட்டும் மாறியதில் 5,000 குறைந்துவிட்டதே!

சுப்பு_73

அப்போ நான் கேட்டது சரிதான். வடக்கிலிருந்துதான் தொடங்கணும்.

பெருமாள்_ஓஆர்

சுப்பு, தெற்கிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் தெற்கு வடக்காக எழுதினாலும் இதே 11,050தான் வரும். உங்கள் தூத்துக்குடி வழக்கத்தால் ஒரு கெடுதலும் இல்லை. கிடங்குகளும் ஊர்களும் *ஒரே திசையில்* வரிசைப்பட வேண்டும், அதுதான் இங்கே விஷயம்.

கயல், இந்த 11,050ஐ இனிக் குறைக்க முடியாது. காலிக் கட்டங்கள் நான்கு இருக்கின்றன. ஒன்றைச் சோதிப்போம். விழுப்புரத்திலிருந்து பெரம்பலூருக்கு ஒரு லோடு அனுப்பினால் 110 கூடும். பெரம்பலூருக்குத் திருச்சி அனுப்புவதில் ஒன்று குறையும், 60 மிச்சம். திருச்சி அந்த லோடைச் செங்கல்பட்டுக்குத் திருப்ப வேண்டும், 270 கூடும். விழுப்புரம் செங்கல்பட்டுக்கு அனுப்பியதில் ஒன்று குறையும், 100 மிச்சம். கூட்டிக் கழித்தால் லோடுக்கு 220 நஷ்டம். மற்ற மூன்றையும் இதே மாதிரி சுற்றிப் பாருங்கள், எல்லாம் நஷ்டத்தில்தான் முடியும்.

கயல்_எம்காம்

பார்த்தேன் சார். விழுப்புரம்–நெல்லை 340, மதுரை–செங்கல்பட்டு 260, மதுரை–பெரம்பலூர் 260. எல்லாமே கூடுகின்றன.

என் 16,050ஐயும் தொடர்ந்து போட்டேன். மீனா அக்கா சொன்னபடி திருச்சி–நெல்லையில் 0. முதலில் விழுப்புரம்–செங்கல்பட்டைத் திறந்தேன், லோடுக்கு 340 மிச்சம், 5 லோடு நகர்ந்தது, 14,350 ஆனது. அப்புறம் திருச்சி–பெரம்பலூர், லோடுக்கு 220 மிச்சம், 15 லோடு நகர்ந்து 11,050. இரண்டே படியில் அதே இடத்துக்கு வந்துவிட்டது. செலவு எங்கே உள்ளே வருகிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

தேர்வுப்புலி

இதே கணக்கைக் குறைந்த செலவு முறையில் நானும் போட்டேன். முதலில் 60, பிறகு 100, பிறகு 160, மீதி தானாக நிரம்பியது. 11,050. எந்த வரிசையில் எழுதினாலும் அதே விடை. இதைத்தான் சொன்னேன், வரிசையை நம்பியிருக்க வேண்டியதில்லை.

பெருமாள்_ஓஆர்

நியாயம். இந்தக் கணக்கில் உங்கள் முறை ஜெயித்தது. அதே ரோட்டில் இன்னொன்று பாருங்கள். கிடங்கு விழுப்புரத்திலும் திருச்சியிலும், தலா 10 லோடு. தேவை பெரம்பலூரிலும் மதுரையிலும், தலா 10.

விழுப்புரம்–பெரம்பலூர் 110, விழுப்புரம்–மதுரை 300, திருச்சி–பெரம்பலூர் 60, திருச்சி–மதுரை 130.

உங்கள் முறையில் சொல்லுங்கள்.

தேர்வுப்புலி

மிகக் குறைவு 60. திருச்சி → பெரம்பலூர் 10. மீதி விழுப்புரம் → மதுரை 10. மொத்தம் 600 + 3,000 = 3,600.

கயல்_எம்காம்

வடமேற்கு மூலையில் விழுப்புரம் → பெரம்பலூர் 10, திருச்சி → மதுரை 10. 1,100 + 1,300 = 2,400!

நாமக்கல்_லோடு

இதற்குக் கணக்கே வேண்டாம்ங்க, ரோட்டில் நின்று பார்த்தாலே போதும். தேர்வுப்புலி தம்பி திட்டத்தில் விழுப்புரம் லாரி பெரம்பலூரைத் தாண்டித் தெற்கே போகிறது. அதே நேரம் திருச்சி லாரி அதே சரக்கோடு பெரம்பலூருக்கு வடக்கே ஏறுகிறது. இரண்டும் நடு ரோட்டில் எதிரும் புதிருமாகத் தாண்டிப் போகும். பெரம்பலூர்–திருச்சி 60 கிலோமீட்டர், அதைப் போக ஒன்று, வர ஒன்று என்று 120 வீண். லோடுக்கு 360க்கும் 240க்கும் உள்ள வித்தியாசம் சரியாக அந்த 120தான். எங்கள் ஆபீஸில் இப்படி புக்கிங் போட்டால் முதலாளி சும்மா விடமாட்டார்.

பெருமாள்_ஓஆர்

லோடு அய்யா, நீங்கள் பிளஸ் டூவோடு நிறுத்தினாலும் 1781இல் மோன்ஜ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் சொன்னதைத்தான் சொல்கிறீர்கள். மண்ணை வெட்டிய இடத்திலிருந்து நிரப்ப வேண்டிய இடத்துக்கு எப்படிக் குறைந்த உழைப்பில் கொண்டுபோவது என்று அவர் யோசித்தார். பாதைகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது என்று கண்டார். 1963இல் ஹாஃப்மன் அதைப் பிடித்துக்கொண்டு வடமேற்கு மூலைக்கு ஒரு நிபந்தனை எழுதினார். அட்டவணையில் அடுத்தடுத்த இரண்டு வரிசை, இரண்டு பத்தி எதை எடுத்தாலும், மேல் இடதும் கீழ் வலதும் சேர்ந்த கூட்டுத்தொகை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக்கூடாது. `c[i][j] + c[i+1][j+1] <= c[i][j+1] + c[i+1][j]`. இது எல்லா இடத்திலும் நின்றால் வடமேற்கு மூலையே மிகக் குறைந்த செலவு, இருப்பும் தேவையும் என்னவாக இருந்தாலும் சரி. ஒரே கோட்டில் உள்ள ஊர்களை வரிசையாக எழுதினால், தூரம் இந்த நிபந்தனைக்குத் தானாகக் கட்டுப்படும்.

கவனியுங்கள், முறை இப்போதும் செலவைப் பார்க்கவில்லை. நாம் அட்டவணையை எழுதியபோது பார்த்துவிட்டோம்.

குறைந்த செலவு முறை தனித்தனிக் கட்டத்தைப் பார்த்து ஆசைப்படுகிறது. 60ஐ எடுத்தால் இன்னொருவர் தலையில் 300 விழும் என்பது அதற்குத் தெரியாது.

தேர்வுப்புலி

வோகலில் போட்டுப் பார்த்தேன். விழுப்புரம் வரிசையில் இரண்டு செலவுக்கும் வித்தியாசம் 190, அதுதான் பெரியது, அதனால் முதலில் விழுப்புரம்–பெரம்பலூர் நிரம்புகிறது. 2,400 வந்துவிட்டது. ஆகவே வோகல் முறைக்கு நான் கொடுத்த ஓட்டை மாற்றமாட்டேன். நிஜ வேலையில் ஊர்கள் ஒரே கோட்டில் எங்கே இருக்கின்றன? கோயம்புத்தூரையும் வேலூரையும் சேர்த்தால் உங்கள் வடக்கு தெற்கு வரிசை என்ன ஆகும்?

பெருமாள்_ஓஆர்

உடைந்துவிடும். பெரும்பாலான அட்டவணைகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் அந்த நிபந்தனைக்குள் கொண்டுவர முடியாது. அங்கே வடமேற்கு மூலை வெறும் தொடக்கம்தான்.

மீனலோசனி

நடைமுறையில் எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நூறு கிடங்கு அளவுக்குக் கணக்கு வளர்ந்தாலும் தொடக்கத்துக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு, மிச்சத்தை சால்வர் பார்த்துக்கொள்கிறது. வடமேற்கு மூலை m + n − 1 படியில் முடிந்துவிடும், வோகல் ஒவ்வொரு படியிலும் வித்தியாசங்களைத் திரும்பக் கணக்கிடும். மோசமாகத் தொடங்கி அதிகப் படி போவதா, நன்றாகத் தொடங்க நேரம் செலவிடுவதா என்பது கணக்கைப் பொறுத்தது. கையால் போடும் பரீட்சையில் வோகல் லாபம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சுப்பு_73

எங்களுக்கு இருப்பு எப்போதும் தேவையைவிட அதிகம். மிச்சத்துக்குக் கடைசியில் ஒரு டம்மிப் பத்தி சேர்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கடைசி வரிசையில் இருக்கும் கிடங்கில்தான் சரக்குத் தேங்குகிறது. அது ஏன் என்று இன்றுதான் விளங்கியது. எங்கள் எக்செல்லில் வடமேற்கு மூலையோடு நிறுத்திவிடுகிறார்கள் போல.

மீனலோசனி

அப்படித்தான் இருக்க வேண்டும் சார். டம்மி கடைசிப் பத்தி என்றால் மீதமெல்லாம் கடைசிக் கிடங்குகளுக்குத்தான் போய்ச் சேரும், அவை மலிவானவையா என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஷீட்டில் கிடங்குகளின் வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். மொத்தச் செலவு மாறினால், அது தொடக்கத் திட்டத்தோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். கடைசி வரை போட்ட கணக்கில் வரிசையை மாற்றினாலும் மொத்தம் மாறாது.

நாமக்கல்_லோடு

கிலோமீட்டரை வைத்துப் பேசியாயிற்று, இப்போது வாடகைக்கு வருகிறேன். நாங்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நேராகப் போடுவதில்லை. தூரம் கூடினால் கிலோமீட்டர் ரேட் குறையும். மதுரைப் பக்கமிருந்து திரும்பும் லோடு இருந்தால் இன்னும் குறைத்தே கொடுப்போம், காலியாக வருவதைவிட அது மேல்.

பெருமாள் சார் கணக்கில் விழுப்புரம்–மதுரையை 300க்குப் பதில் 150க்குச் சமமான ரேட்டுக்கு எடுத்தேன் என்று வையுங்கள். மற்ற மூன்றும் அப்படியே. தேர்வுப்புலி தம்பியின் திட்டம் லோடுக்கு 60 + 150 = 210. வடமேற்கு மூலை 240. லாரிகள் எதிரும் புதிருமாகத் தாண்டினாலும் அதுதான் மலிவு. நிஜத்தில் இது நடக்கிறதுங்க.

பெருமாள்_ஓஆர்

உண்மை. 110 + 130 இப்போது 150 + 60ஐத் தாண்டுகிறது, நிபந்தனை உடைந்துவிட்டது. ஊர் வரிசை அதேதான், ஆனால் செலவு தூரத்தைப் பின்பற்றவில்லை. ஊர்களைத் தலைகீழாக்கினால் இந்த இரண்டுக்கு இரண்டு மட்டும் சரியாகும், பெரிய அட்டவணையில் அந்த வித்தை பலிக்காது.

கயல்_எம்காம்

சார், ஒரு கேள்வி மிச்சம். முழு அட்டவணை கையில் இருக்கிறது, ஊர்கள் கோட்டில் இல்லை. அந்த நிபந்தனைக்குள் வருகிற மாதிரி ஒரு வரிசை *இருக்கிறதா* என்று கண்டுபிடிக்க வழி உண்டா? எல்லா வரிசையையும் மாற்றி மாற்றிப் போடாமல்?

மீனலோசனி

உண்டு, எல்லா வரிசையையும் முயல வேண்டியதில்லை. முதலில் ஏதாவது இரண்டு பத்தியை எடுத்து, ஒவ்வொரு வரிசையிலும் முதல் பத்தியின் செலவிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். நிபந்தனைக்குள் வரும் அடுக்குமுறை ஒன்று இருந்தால், அதில் முன்னால் எழுதும் பத்தியிலிருந்து பின்னதைக் கழித்த வித்தியாசம் மேலிருந்து கீழே போகப் போகக் குறையவே கூடாது. நம் முதல் அட்டவணையில் செங்கல்பட்டில் பெரம்பலூரைக் கழித்தால் −10, 210, 210. அந்த ஏறுமுகம் கிடங்குகளின் வரிசையைக் காட்டிக்கொடுக்கும். சமமாக வந்தவற்றைப் பிரிக்க வேறு ஜோடிப் பத்திகளை எடுக்க வேண்டும். கிடங்குகள் அடுக்கியதும் அதையே ஊர்களுக்குச் செய்து, கடைசியில் நிபந்தனையை எல்லா இடத்திலும் சரிபார்க்க வேண்டும்.

தேர்வுப்புலி

அதைச் செய்யும் நேரத்தில் நான் வோகலே போட்டு முடித்துவிடுவேன்.

கயல்_எம்காம்

பெரம்பலூரில் நெல்லையைக் கழித்தால் −350, −230, 30. இது மூன்றையும் பிரித்துவிட்டது. எங்கள் புத்தகத்தில் உள்ள கணக்குகளில் எத்தனை இப்படி அடுக்குகின்றன என்று ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். கிடைத்தால் இங்கேயே போடுகிறேன்.